நேர்முகம் செய்தவர் விலகிவிட்டார், மின்னஞ்சலும் திரும்பி வந்துவிட்டது: இனி யாருக்கு எழுதுவது?

கேள்வி: வணக்கம் அக்கா. நான் களுவாஞ்சிகுடி. கொழும்பில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு தனியார் கம்பனி மட்டக்களப்புக் கிளைக்குக் கணக்கு உதவியாளர் எடுக்கிறது. இரண்டு நேர்முகப் பரீட்சைக்கு முகம் கொடுத்தேன். இரண்டாவது ஜூன் 2ஆம் திகதி சூமில் நடந்தது. மனிதவளப் பிரிவு மெடமும் கணக்குப் பிரிவு முகாமையாளரும் இருந்தார்கள். பிறகு மெடம் கோல் எடுத்து, சம்பளம் 85,000 அளவில் வரும், உறவினரல்லாத இரண்டு பேரின் விபரத்தையும் பட்டச் சான்றிதழ் பிரதியையும் அனுப்புங்கள் என்றார். 18ஆம் திகதி அனுப்பினேன். உடனே 'Address not found' என்று திரும்பி வந்துவிட்டது. லிங்க்ட்இன்னில் பார்த்தால் மெடம் வேறு கம்பனிக்குப் போய்விட்டார். கல்முனையில் ஒரு நிறுவனம் ஆறு மாத ஒப்பந்த வேலை தருகிறது, 30ஆம் திகதிக்குள் பதில் கேட்கிறார்கள். நான் இப்போது யாரைப் பிடிப்பது? மெடம் சொன்ன சம்பளம் இனி செல்லுமா?

பதில்: தங்கச்சி, யாரைப் பிடிப்பது என்பதற்கு முன்னர், திரும்பி வந்த அந்த மின்னஞ்சலில் என்ன இருந்தது என்று யோசியுங்கள். அவர்கள் கேட்ட இரண்டு ஆவணமும் அதில்தான் இருந்தன. இப்படித் திரும்பும் மின்னஞ்சலில் எந்தப் பகுதியும் அங்கே போய்ச் சேர்வதில்லை. இணைப்பும் சேர்வதில்லை. ஆகவே அந்தக் கம்பனியில் உங்கள் பெயருக்கு எதிரே 'ஆவணம் கேட்கப்பட்டது, இன்னும் வரவில்லை' என்ற நிலைதான் இருக்கும். நீங்கள் அவர்களின் பதிலுக்குக் காத்திருக்க, அவர்கள் உங்கள் ஆவணத்துக்குக் காத்திருக்கலாம். இரண்டு கிழமை கழித்தும் வராவிட்டால், இவருக்கு விருப்பமில்லைப் போல என்று அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். அதனால் நீங்கள் இப்போது எழுத வேண்டியது 'என் முடிவு என்ன' என்று கேட்கும் கடிதம் அல்ல. 'நீங்கள் கேட்டது இதோ' என்று கொடுக்கும் கடிதம். முடிவு கேட்டு வரும் கடிதத்தைப் புதிதாக வந்தவர் தள்ளி வைப்பார், அவரிடம் சொல்ல ஒன்றுமிருக்காது. ஆவணத்தோடு வரும் கடிதத்தை எங்காவது சேர்த்தே ஆகவேண்டும்.

திரும்பி வந்த கடிதத்தை ஒருமுறை திறந்து, கீழே சின்ன எழுத்தில் உள்ள இலக்கத்தைப் பாருங்கள். ஜிமெயிலில் இருந்து அனுப்பியிருந்தால் இந்த மாதிரியான வரி ஒன்று இருக்கலாம்:

```
550 5.1.1 The email account that you tried to reach does not exist.
550 5.1.10 RESOLVER.ADR.RecipientNotFound
```

முதல் வரி கூகுள் வழியாக மின்னஞ்சல் வைத்திருக்கும் கம்பனியில் இருந்து வருவது, இரண்டாவது மைக்ரோசொஃப்ட் வழியாக வைத்திருக்கும் கம்பனியில் இருந்து. மூன்று பகுதியாக உள்ள அந்த இலக்கத்தில் முதலாவது 5 என்றால் நிரந்தர மறுப்பு, திரும்பத் திரும்ப அனுப்பிப் பயனில்லை. 4 என்றால் தற்காலிகத் தடங்கல். அப்போது ஜிமெயில் தானாகவே முயன்றுகொண்டிருக்கும், நீங்கள் மறுபடி அனுப்பத் தேவையில்லை. நடுவில் 1 இருந்தால் முகவரியில் பிரச்சினை. 5.2.2 என்றால் அவருடைய பெட்டி நிரம்பிவிட்டது, அதாவது ஆள் அங்கேயே இருக்கலாம். 5.7 என்று தொடங்கினால் அவர்களின் பாதுகாப்பு விதி உங்கள் கடிதத்தைத் தடுத்திருக்கிறது, அதற்கும் ஆள் விலகியதற்கும் சம்பந்தமில்லை. இதை ஏன் விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், முகவரியில் ஒரு எழுத்து பிழைத்தாலும் இதே இலக்கம்தான் வரும். ஆகவே முகவரியைக் கையால் தட்டி அனுப்பியிருந்தால், மெடம் உங்களுக்கு முன்பு அனுப்பிய கடிதத்தில் உள்ள முகவரியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். லிங்க்ட்இன்னிலும் புது வேலை காட்டுகிறது என்பதால் உங்கள் விடயத்தில் அவர் விலகியது ஏறக்குறைய உறுதி. ஆனாலும் இந்தச் சரிபார்ப்புக்கு ஒரு நிமிடம் போதும்.

இப்படித் திரும்பி வருவதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஒருவர் விலகும்போது சில கம்பனிகள் அவருடைய பெட்டியை மேலதிகாரிக்குத் திருப்பிவிடும். அப்படிச் செய்திருந்தால் உங்கள் கடிதம் திரும்பியிருக்காது, வேறொருவர் கையில் கிடைத்திருக்கும். இங்கே கணக்கையே மூடிவிட்டார்கள். மூடிய கணக்கை மைக்ரோசொஃப்ட்டில் 30 நாட்கள் வரையும், கூகுளில் 20 நாட்கள் வரையும் கம்பனியின் கணினிப் பிரிவு மீட்டெடுக்கலாம். ஆனால் ஒரு விண்ணப்பதாரிக்காக யாரும் அந்த வேலையைச் செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே மெடமுக்கும் உங்களுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து எதுவும் புதியவரின் கண்ணில் படாது என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். அவரிடம் அதிகபட்சம் உங்கள் விண்ணப்பமும் நேர்முகப் புள்ளித் தாளும் இருக்கும். தொலைபேசியில் பேசிய சம்பளம், கேட்ட ஆவணம், சொன்ன திகதி எதுவும் இருக்காது.

இனி யாரைப் பிடிப்பது என்பதற்கு வருவோம். முதலில் உங்கள் பெட்டியிலேயே தேடுங்கள். ஜிமெயிலின் தேடல் கட்டத்தில் கீழுள்ள இரண்டையும் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். `example.com` இருக்கும் இடத்தில் மெடமின் முகவரியில் @ குறிக்குப் பின்னால் உள்ளதைப் போடுங்கள்:

```
from:example.com
filename:ics
```

முதலாவது அந்தக் கம்பனியிலிருந்து வந்த எல்லாக் கடிதத்தையும் எடுத்துத் தரும். நீங்கள் விண்ணப்பித்த அன்று தானாக வந்த 'கிடைத்தது' என்ற கடிதமும் அதில் இருக்கலாம். அதிலே விண்ணப்ப இலக்கம் ஒன்று இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரைவிட அந்த இலக்கத்தால்தான் புதியவர் உங்களை விரைவாகக் கண்டுபிடிப்பார். இரண்டாவது, நேர்முகத்துக்கு வந்த நாட்காட்டி அழைப்பை எடுத்துத் தரும். சூம் இணைப்பை மட்டும் பார்த்துவிட்டு அதை மூடிவிடுவதுதான் வழக்கம். ஆனால் அழைக்கப்பட்டவர்களின் பட்டியலும் அதில் இருக்கும், கணக்குப் பிரிவு முகாமையாளரின் முகவரி பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். மெடமின் பழைய கடிதங்களில் 'Cc' வரியையும் பாருங்கள்.

அந்த முகாமையாளர்தான் இப்போது உங்களுக்கு மிகவும் பெறுமதியான ஆள். அவர் உங்களைச் சூமில் கேள்வி கேட்டவர், முகம் நினைவிருக்கும். மட்டக்களப்புக் கிளையில் ஆளில்லாமல் கிடக்கும் வேலை அவருடைய பிரிவின் வேலை, ஆகவே இந்த விடயம் நகரவேண்டும் என்ற தேவை அவருக்கும் உண்டு. மனிதவளப் பிரிவுக்குப் புதிதாக வந்தவருக்கு இருபது வெற்றிடத்தில் நீங்கள் ஒருவர். ஆனால் சம்பளம், நியமனக் கடிதம் போன்றவற்றை அவர் தனியாகத் தீர்மானிக்க மாட்டார். அதனால் கடிதம் மனிதவளப் பிரிவில் பெயர் தெரிந்த ஒருவருக்குப் போகவேண்டும், பிரதி முகாமையாளருக்குப் போகவேண்டும். மனிதவளப் பிரிவில் யாருடைய பெயரும் கிடைக்காவிட்டால் மாற்றிச் செய்யுங்கள்: முகாமையாளருக்கு எழுதி, கம்பனியின் பொது வேலைவாய்ப்பு முகவரிக்குப் பிரதி. பெயரில்லாத பொதுப் பெட்டிக்கு மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். அங்கே வரும் நூற்றுக்கணக்கான புதிய விண்ணப்பங்களோடு உங்களுடையதும் ஒன்றாகிவிடும்.

அந்தப் பெயரை எடுக்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும். கம்பனியின் இணையத்தளத்தில் உள்ள 011 இலக்கத்துக்கு, வேலை நாளில் காலை பத்துமணிக்குப் பிறகு எடுங்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைத் தவிருங்கள். எதிர்முனையில் சிங்களத்தில் பேசத் தொடங்கினால் தடுமாற வேண்டாம், ஆங்கிலத்தில் இரண்டு வசனத்தை முதலே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'மட்டக்களப்புக் கிளையின் கணக்கு உதவியாளர் வெற்றிடத்துக்கு ஆவணம் அனுப்பவேண்டியிருக்கிறது. முன்பு அதைப் பார்த்தவர் விலகிவிட்டதால், இப்போது பார்ப்பவரின் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும்.' இவ்வளவுதான். நேர்முக முடிவை அங்கே கேட்கவேண்டாம். கேட்டால் வரவேற்பில் இருப்பவர் 'நாங்களே அறிவிப்போம்' என்று வைத்துவிடுவார், அவருக்கு அப்படிச் சொல்லத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆவணம் அனுப்ப முகவரி கேட்டால் அது சாதாரணமான அலுவலக வேலை, இணைப்பைக் கொடுத்துவிடுவார்கள். பெயரைச் சொன்னதும் ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். ஒரே சிங்களப் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுவார்கள், ஒரு எழுத்து மாறினால் மறுபடியும் அதே திரும்பல்தான்.

முகவரி கிடைக்காவிட்டால், பெயரை வைத்துத் தானாக ஒரு முகவரியை ஊகிக்கும் ஆசை வரும். மெடமின் முகவரி முதற்பெயர், புள்ளி, குடும்பப்பெயர் என்று இருந்தால் புதியவருடையதும் அப்படியே இருக்கலாம் என்பது உண்மைதான். ஒருமுறை முயலலாம். ஆனால் ஐந்து விதமாக ஊகித்து ஐந்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்ப வேண்டாம். அதே பெயருள்ள வேறொருவரிடம் உங்கள் பட்டச் சான்றிதழும் அடையாள அட்டை இலக்கமும் போய்ச் சேரக்கூடும். ஊகித்த முகவரிக்கு முதற்கடிதத்தில் இணைப்பு எதுவும் வைக்கவேண்டாம்.

எங்கள் ஊரில் இன்னொரு வழக்கம் உண்டு. கிளையில் வேலை செய்யும் யாராவது உறவுக்காரர் அல்லது தெரிந்தவர் மூலம் விசாரிப்பது. மட்டக்களப்பு, கல்முனை மாதிரியான இடங்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், அதனால் இது இலகு. நான் ஒரு எல்லையோடுதான் இதற்குச் சம்மதிப்பேன்: மனிதவளப் பிரிவின் புதிய பெயரைக் கேட்கலாம், அதற்கு மேல் வேண்டாம். 'எனக்குக் கிடைத்ததா' என்று கேட்டால், அந்தக் கேள்வி கிளை முகாமையாளரிடம் போய், அங்கிருந்து கொழும்புக்குப் போகும்போது 'ஆள் பிடிக்கிறார்' என்று மாறியிருக்கும். வெற்றிடத்தைப் பற்றிக் கிளைக்கே சரியாகத் தெரியாமலும் இருக்கலாம். அரைகுறையாகச் சொல்லப்படும் செய்தியை நம்பி நீங்கள் கல்முனைக்குப் பதில் சொல்லிவிடக் கூடாது.

இனி கடிதம். நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள். ஆனால் எந்த வசனம் எதற்காக என்பது விளங்குவதற்காகத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன்.

> விடயம்: கணக்கு உதவியாளர், மட்டக்களப்பு – கேட்கப்பட்ட ஆவணங்கள் – (உங்கள் பெயர், விண்ணப்ப இலக்கம்)
>
> அன்புள்ள திருமதி (பெயர்),
>
> மட்டக்களப்புக் கிளையின் கணக்கு உதவியாளர் பதவிக்கான இரண்டாவது நேர்முகப் பரீட்சையில் ஜூன் 2ஆம் திகதி கலந்துகொண்டேன். அதை நடத்தியவர்கள் உங்கள் பிரிவின் திருமதி (முன்னவர் பெயர்), கணக்குப் பிரிவு முகாமையாளர் திரு. (பெயர்).
>
> அதன் பின்னர் உறவினரல்லாத இருவரின் விபரங்களையும் பட்டச் சான்றிதழ் பிரதியையும் அனுப்புமாறு திருமதி (முன்னவர் பெயர்) தொலைபேசியில் கேட்டிருந்தார். ஜூன் 18ஆம் திகதி அவருடைய முகவரிக்கு அனுப்பியபோது அது சென்றடையவில்லை. ஆகவே இரண்டையும் இத்துடன் இணைத்துள்ளேன்.
>
> அந்த உரையாடலில் மாதச் சம்பளம் 85,000 ரூபாய் அளவில் இருக்கும் எனக் குறிப்பிடப்பட்டது. அது இப்போதும் பொருந்துமா என்பதைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.
>
> வேறொரு நிறுவனத்துக்கு ஜூன் 30ஆம் திகதிக்குள் நான் பதில் சொல்லவேண்டியுள்ளது. உங்கள் நிறுவனத்தில் பணியாற்றுவதையே விரும்புகிறேன். இந்த வெற்றிடத்தின் தற்போதைய நிலையை 26ஆம் திகதி வியாழக்கிழமைக்குள் அறியத்தர முடியுமா?
>
> (பெயர், கைத்தொலைபேசி இலக்கம்)

'விலகிவிட்டார்' என்ற சொல் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் எப்படி, ஏன் போனார் என்பது உங்களுக்குத் தெரியாது, அது கம்பனிக்குள் கசப்பான விடயமாகவும் இருக்கலாம். 'சென்றடையவில்லை' என்றாலே புதியவருக்கு விளங்கும். 'யாரும் எனக்கு அறிவிக்கவில்லை' என்ற குறையும் இதில் இல்லை. அந்தக் குறை நியாயமானதுதான், ஆனால் அதைச் செய்யாத ஆள் இப்போது உங்கள் கடிதத்தை வாசிப்பவர் அல்ல.

சம்பள வசனத்தில் 'வாக்குறுதி தந்தார்' என்றோ 'ஒப்புக்கொண்டார்' என்றோ எழுதிவிடாதீர்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடையும் இதுதான்: தொலைபேசியில் 'அளவில் வரும்' என்று சொன்னது ஒரு மதிப்பீடு. கையெழுத்தோடு நியமனக் கடிதமோ எழுத்தில் ஒரு சம்பள முன்மொழிவோ வரும்வரை அது கம்பனியைக் கட்டுப்படுத்தும் என்று நீங்கள் கணக்குப் போட முடியாது. ஆனால் அதை விட்டுவிடவும் கூடாது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் புதியவர் அந்தப் பதவிக்குரிய கீழ்மட்டத் தொகையிலிருந்து தொடங்குவார். 'குறிப்பிடப்பட்டது, பொருந்துமா' என்று கேட்டால், அவர் தன் கோப்பைப் பார்த்து ஆம் அல்லது இல்லை என்று சொல்லவேண்டிவரும். மெடம் கோல் எடுத்த திகதியை உங்கள் கைத்தொலைபேசியின் அழைப்புப் பதிவில் பார்த்து எழுதி வையுங்கள், பழைய பதிவுகள் நாளடைவில் அழிந்துபோகும். வாட்ஸ்அப்பில் சம்பளம் பற்றி ஏதாவது வந்திருந்தால் படம் பிடித்து வையுங்கள். அதை முதற்கடிதத்தில் இணைக்க வேண்டாம், அவர்களாகக் கேட்டால் கொடுங்கள். இன்னொன்றையும் கேட்டுத் தெளியுங்கள்: அந்த 85,000 அடிப்படைச் சம்பளமா, கொடுப்பனவுகளும் சேர்ந்ததா என்று. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம் கழியும், கம்பனி 12 வீதம் போடும். கொடுப்பனவு என்ற பெயரில் தரும் தொகையில் எது அந்தக் கணக்குக்குள் வருகிறது என்பதைப் பொறுத்து கையில் வருவதும் சேமிப்பில் சேர்வதும் மாறும். ஆனால் இது வேலை உறுதியான பின்னர் கேட்கவேண்டிய கேள்வி.

அனுப்பும் விதத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. மெடம் உங்களுக்குக் கடைசியாக அனுப்பிய கடிதத்தைத் திறந்து, 'Forward' கொடுத்து, அதற்கு மேலே இந்தக் கடிதத்தை எழுதுங்கள். அப்போது நேர்முகத்துக்கு அழைத்த கம்பனியின் சொந்தக் கடிதம் கீழே தானாக வரும், புதியவர் உங்களை நம்புவதற்கு வேறு சாட்சி தேவையில்லை. 'Reply all' கொடுத்தால் மெடமின் பழைய முகவரியும் கூடவே போய்விடும். உங்களுக்கு இன்னொரு திரும்பல் கடிதம் வரும், அங்கே பதில் எழுதுபவர்களுக்கும் அதே தொல்லை. மேலே உள்ள விடய வரியைப் புதிதாக மாற்றி எழுத மறக்கவேண்டாம், 'Fwd: Zoom link' என்று போகும் கடிதத்தை யாரும் ஆவணக் கடிதம் என்று நினைக்கமாட்டார்கள்.

இணைப்புகள் மூன்று போதும்: உங்கள் சுயவிபரக் கோவை, பட்டச் சான்றிதழ் பிரதி, இருவரின் விபரம் உள்ள ஒரு பக்கம். மூன்றும் பிடிஎஃப் ஆக, கோப்புப் பெயரில் உங்கள் பெயரோடு. கைத்தொலைபேசியில் எடுத்த படங்களை அப்படியே இணைத்தால் ஒவ்வொன்றும் நான்கைந்து எம்பி வரும். ஜிமெயில் மொத்தம் 25 எம்பி வரை விடும், ஆனால் பெறும் கம்பனியின் எல்லை அதைவிடக் குறைவாக இருக்கலாம். மூன்றும் சேர்ந்து ஐந்து எம்பிக்குள் இருந்தால் கவலையில்லை. அந்த இருவருக்கும் இன்றைக்கே சொல்லி வையுங்கள், 011 இலக்கத்திலிருந்து தெரியாத ஒருவர் எடுக்கக்கூடும் என்று. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரை மண்டபத்தில் நிற்கும் உங்கள் ஆசிரியர் தெரியாத இலக்கத்தை எடுக்காமல் விட்டால், கோப்பு மறுபடியும் அதே இடத்தில் நின்றுவிடும்.

போய்விட்ட மெடமுக்கு லிங்க்ட்இன்னில் எழுதலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எழுதலாம், மரியாதையாக, மூன்று வரியில். புது வேலைக்கு வாழ்த்து, நேர்முகத்தில் நல்லவிதமாக நடத்தியதற்கு நன்றி, உங்கள் விண்ணப்பத்தை இப்போது யார் பார்க்கிறார் என்ற ஒரு கேள்வி. அவர் பெயரைச் சொன்னால் அது பெரிய உதவி. 'எனக்குக் கிடைக்குமா', 'சம்பளம் பற்றி அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்', 'இந்த ஆவணத்தை அனுப்பிவிடுங்கள்' என்று கேட்கவேண்டாம். பழைய கம்பனியின் இரகசியத்தைப் பேணும் கடமை அவருக்கு இருக்கும், கோப்பும் அவர் கையில் இல்லை. பதில் வராவிட்டால் மறுபடி எழுதாதீர்கள். அவர் ஆட்சேர்ப்புத் துறையிலேயே இருப்பவர், நாளைக்கு வேறொரு வெற்றிடத்துக்கு உங்களை நினைப்பார்.

இப்போது நாட்கணக்கு, ஏனென்றால் கல்முனை உங்களுக்காக நிற்காது. 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை அழைப்பை எடுத்து, மத்தியானத்துக்கு முன் கடிதத்தை அனுப்பிவிடுங்கள். வெள்ளி பின்னேரம் போகும் கடிதம் திங்கள் காலைக் குவியலுக்கு அடியில் போய்விடும். கடிதம் போனதும் ஐந்து நிமிடம் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருங்கள். முகவரி பிழையென்றால் பெரும்பாலும் அதற்குள் திரும்பிவிடும், அன்றைக்கே திருத்தலாம். 25ஆம் திகதி புதன்கிழமை வரை பதில் இல்லாவிட்டால், மனிதவளப் பிரிவில் அந்தப் பெயருடையவரைத் தொலைபேசியில் கேட்டு, 'வெள்ளிக்கிழமை அனுப்பிய ஆவணம் கிடைத்ததா' என்று மட்டும் கேளுங்கள். ஆவணம் கிடைத்ததா என்ற கேள்விக்கு எவரும் பதில் சொல்வார்கள், அதோடு அவர்களாகவே நிலைமையையும் சொல்லிவிடுவதுண்டு. வியாழன் பின்னேரமும் ஒன்றுமில்லை என்றால், அதே கடிதத்துக்குக் கீழே இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல். அதோடு நிறுத்துங்கள்.

27ஆம் திகதி வெள்ளிக்கிழமை கல்முனை நிறுவனத்திடம் மூன்று வேலை நாள் கூடுதலாகக் கேட்கலாம். 'இன்னொரு விண்ணப்பத்தின் பதிலுக்காக' என்று உள்ளதைச் சொல்லியே கேளுங்கள். ஒருமுறைதான் கேட்கலாம், கடைசி நாளில் கேட்கக் கூடாது. அவர்கள் மறுத்துவிட்டால், கொழும்பிலிருந்து எழுத்தில் ஒன்றும் வராத நிலையில் கல்முனையை விடவேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். கையிலிருக்கும் ஆறு மாத ஒப்பந்தத்தை, யாரும் பொறுப்பெடுக்காத ஒரு கோப்புக்காகக் கைவிடுவது சரியல்ல. கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் இடையில் விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் என்ற பிரிவை வாசியுங்கள். இரண்டு கிழமை அல்லது ஒரு மாதம் என்றிருந்தால், மட்டக்களப்பு வேலை ஜூலையில் வந்தாலும் முறைப்படி அறிவித்து மாறலாம். பிரிவே இல்லை, அல்லது இடையில் போனால் பணம் கட்டவேண்டும் என்றிருந்தால் அதைப் பேசித் திருத்திய பிறகு கையெழுத்திடுங்கள்.

புதியவரிடமிருந்து வரக்கூடிய பதில்களில் ஒன்று மட்டும் உங்களைக் குழப்பும்: 'நாங்கள் உங்களை மறுபடியும் சந்திக்க விரும்புகிறோம்.' இரண்டு நேர்முகம் முடிந்த பிறகு மூன்றாவதா என்று மனம் சலிக்கும். பெரும்பாலும் மெடமின் புள்ளித் தாள் கிடைக்கவில்லை, அல்லது புதியவர் தான் பார்க்காத ஒருவருக்குக் கையெழுத்து வைக்க விரும்பவில்லை என்பதுதான் காரணம். சம்மதியுங்கள், சூமில் செய்யமுடியுமா என்று கேளுங்கள். கொழும்புக்கு இரவுப் பயணம் போய் வருவதைவிட அது இருவருக்கும் இலகு. முதல் இரண்டிலும் கேட்ட கேள்விகளையும் நீங்கள் சொன்ன பதில்களையும் இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். முகாமையாளர் மறுபடியும் இருப்பார், அன்று ஒன்று இன்று ஒன்று சொன்னால் கவனிப்பார். 'வெற்றிடம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது' என்று வந்தால் எப்போது திறக்கும் என்று ஒருமுறை கேட்டுவிட்டு, கல்முனைக்கு ஆம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு, கம்பனியின் பெயரைச் சொல்லி ஜிமெயில் முகவரியிலிருந்தோ தெரியாத வாட்ஸ்அப் இலக்கத்திலிருந்தோ யாராவது தொடர்புகொண்டால் அவசரப்படாதீர்கள். பொறுப்பாளர் மாறும் நேரம் மோசடிக்காரருக்கு வசதியானது, லிங்க்ட்இன்னில் மெடமின் மாற்றம் உங்களுக்குத் தெரிந்தது போல மற்றவர்களுக்கும் தெரியும். @ குறிக்குப் பின்னால் உள்ள பகுதி மெடமின் பழைய முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் அவர் தரும் இலக்கத்துக்கு எடுக்காமல், இணையத்தளத்தில் நீங்களாகப் பார்த்த 011 இலக்கத்துக்கு எடுத்து அந்தப் பெயரைக் கேளுங்கள். பயிற்சிக் கட்டணம், மருத்துவச் சோதனைக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது அந்தக் கம்பனி அல்ல. வங்கிக் கணக்கு இலக்கத்தையும் அடையாள அட்டையின் இரு பக்கப் பிரதியையும் நியமனக் கடிதம் கையில் கிடைத்த பிறகு கொடுத்தால் போதும்.